பார்த்தால் இறங்குமா சிபில் ஸ்கோர்?

தன்னுடைய சிபில் ஸ்கோரைத் தானே பார்த்தால் அது இறங்கிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. படித்தவர், படிக்காதவர் வித்தியாசம் இதில் இல்லை. வங்கி ஊழியர்களே சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பதில் எளிமையானது: இறங்காது. மாதம் ஒருமுறை பார்த்தாலும் தினமும் பார்த்தாலும் ஒரு புள்ளிகூட இறங்காது. பாஸ்புக்கில் எத்தனை முறை பதிவு போட்டுப் பார்த்தாலும் கணக்கில் இருப்பு குறைவதில்லை அல்லவா, அப்படித்தான் இதுவும்.

இந்தப் பயம் வெறும் கற்பனையிலிருந்து முளைத்ததும் அல்ல. ஒரு பாதி உண்மை எங்கோ வழியில் திரிந்துபோனதால் வந்த வினை இது. நம் கடன் அறிக்கையை இரண்டு தரப்பினர் பார்க்கிறார்கள். ஒன்று நாம். இன்னொன்று, நாம் கடனுக்கு விண்ணப்பிக்கும் வங்கி அல்லது நிதி நிறுவனம். வங்கி பார்த்தால், எந்த வங்கி, எந்தத் தேதியில், எந்த வகைக் கடனுக்காக, எவ்வளவு தொகைக்காகப் பார்த்தது என்பது அறிக்கையின் கடைசிப் பகுதியில் ‘என்கொயரி’ என்ற தலைப்பின் கீழ் ஒரு வரியாகப் பதிவாகிறது. அந்த வரி ஸ்கோரைக் கொஞ்சம் கீழே இழுக்கும். நாமே பார்த்தால் அந்தப் பட்டியலில் வரி ஏதும் சேராது. நாம் பார்த்ததை மதிப்பெண் போடும் கணக்கு பொருட்படுத்துவதும் இல்லை.

காரணம், அந்தக் கணக்கு எதற்காக உருவானது என்பதில் இருக்கிறது. 300 முதல் 900 வரை போகும் இந்த எண், நமது நேர்மைக்கோ செல்வத்துக்கோ தரும் மதிப்பெண் அல்ல. இவரிடம் கடன் கொடுத்தால் தவணை தவற எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று பழைய கணக்குகளை வைத்துப் போடும் ஊகம்தான் அது. குறுகிய காலத்தில் நாலைந்து இடங்களில் கடன் கேட்டு அலைகிறவர், கையில் பணமில்லாமல் நெருக்கடியில் இருக்கலாம் என்று அந்தக் கணக்கு சந்தேகப்படுகிறது. தன் அறிக்கையைத் தானே எடுத்துப் பார்ப்பவர் யாரிடமும் கடன் கேட்கவில்லை. அவர்மீது சந்தேகப்பட அதற்கு முகாந்திரமே இல்லை.

விஷயம் இவ்வளவுதான் என்றால் இதற்கொரு கட்டுரை தேவையில்லை. ஆனால், இந்தப் பயத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அது எவ்வளவு என்பதை ஈரோட்டில் மொபைல் கடை நடத்தும் ஒரு நண்பரின் விஷயத்தில் கண்ணெதிரே பார்த்தேன். வீடு கட்ட 22 லட்சம் ரூபாய் கடன் வாங்க நினைத்தார். லோன் ஏஜென்ட் ஒருவரைப் பிடித்தார். “நீங்களா ஸ்கோரைப் பார்த்துட்டே இருக்காதீங்கண்ணா, எறங்கிரும். எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன்” என்றாராம் ஏஜென்ட். அதற்கு முன்பும் யாரோ இதையே சொல்லியிருந்ததால், நண்பர் இரண்டு வருடமாகத் தன் அறிக்கையின் பக்கமே போகவில்லை. கடைசியாகப் பார்த்தபோது 758 இருந்தது, அது அப்படியே இருக்கும் என்ற தைரியம் அவருக்கு.

மூன்று வாரம் கழித்து ஒரு வங்கி கைவிரித்தது. ஸ்கோர் 671 என்றார்கள். நண்பருக்கு நம்ப முடியவில்லை. “நான் பார்க்கக்கூட இல்லையே, எப்படி இறங்குச்சு?” என்றுதான் முதலில் கேட்டார். அறிக்கையை இறக்கி இருவரும் உட்கார்ந்து படித்தோம். கடைசிப் பக்கத்தில் என்கொயரி பட்டியலில் ஐந்து வரிகள். பதினெட்டு நாட்களுக்குள் ஐந்து நிறுவனங்கள், ஐந்துமே வீட்டுக் கடன், ஐந்திலும் 22 லட்சம். ஒரு வங்கி தட்டினால் இன்னொன்று கிடைக்கட்டும் என்று ஏஜென்ட் ஒரே சமயத்தில் ஐந்து இடங்களுக்கு விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டிருக்கிறார். நண்பர் ஒரே நாளில் போட்ட கையெழுத்துகளும் சொன்ன ஓடிபி எண்களும் அதற்குப் போதுமானதாக இருந்திருக்கின்றன. பார்த்தால் இறங்கும் என்று பயமுறுத்தியவரே, இறங்கக்கூடிய வேலையைச் செய்து வைத்திருந்தார்.

அமெரிக்காவில் வீட்டுக் கடனுக்காக ஒன்றரை மாதத்துக்குள் பல வங்கிகளில் விசாரித்தால், அதை ஒரே விசாரணையாகக் கணக்கிடும் வழக்கம் அங்குள்ள ஃபைகோ ஸ்கோரில் உண்டு. இணையத்தில் அதைப் படித்துவிட்டு, இங்கும் அப்படித்தான் என்று துணிகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சலுகையை நம்பி இங்கே இறங்க வேண்டாம். வட்டி விகிதத்தை ஐந்து வங்கிகளில் வாய்மொழியாகக் கேட்கலாம், தவறில்லை. விண்ணப்பத்தை ஒரு நேரத்தில் ஓரிடத்தில் கொடுப்பதே பாதுகாப்பு.

ஆனால், ஐந்து விசாரணைகள் மட்டும் 758-ஐ 671-க்குக் கொண்டுவந்துவிடாது. விசாரணையால் வரும் இறக்கம் சிறியது, சில மாதங்களில் மங்கிவிடும். பெரிய அடி வேறெங்கோ விழுந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு கணக்காகப் புரட்டினோம். ஆறாவது கணக்கு ஒரு கிரெடிட் கார்டு. சில வருடங்களுக்கு முன்பு ஒரு வணிக வளாகத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் கட்டாயப்படுத்தாத குறையாகக் கொடுத்த கார்டு. முதல் வருடம் இலவசம். இரண்டொரு முறை பயன்படுத்திவிட்டு, பணத்தைக் கட்டிவிட்டு, வங்கிக் கிளைக்குப் போய் “இது வேண்டாம், மூடிடுங்க” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். சொன்னதோடு சரி, எழுதிக் கொடுக்கவில்லை.

கார்டு மூடப்படவில்லை. ஆண்டுக் கட்டணம் 500 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி 90 ரூபாய், மொத்தம் 590 ரூபாய்க்கு ஒரு பில் விழுந்திருக்கிறது. பில் போன மின்னஞ்சல் முகவரியை அவர் பயன்படுத்துவதை விட்டு நாளாகியிருந்தது. தாமதக் கட்டணம், வட்டி, அந்த இரண்டின் மேலும் ஜிஎஸ்டி என்று ஏறி, நாங்கள் பார்த்தபோது பாக்கி 7,412 ரூபாய். அந்தக் கணக்கின் கீழ் மாதவாரியாகக் கட்டங்கள் இருக்கும். கெடு தேதி தாண்டி எத்தனை நாள் ஆகிறது என்ற எண்ணிக்கை ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கும். ஒழுங்காகக் கட்டிய மாதங்களில் மூன்று பூஜ்யங்கள். அவருடையதில் 30, 60, 90 என்று படிப்படியாக ஏறிப் போயிருந்தது. ஸ்கோரைச் சரித்தது இந்த வரிசைதான். கடைக்கு வாங்கிய கடன், பைக் கடன் எல்லாவற்றிலும் வரிசையாகப் பூஜ்யங்கள். ஒரு நாள்கூடத் தவணை தவறாத மனிதர் அவர்.

ஸ்கோர் என்பது இந்தக் கட்டங்களின் நிழல்தான். செயலியைத் திறந்ததும் பச்சை, மஞ்சள், சிவப்பில் முள் ஆடும் அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடுவதால் பயன் அதிகமில்லை. கீழே இறங்கி, கணக்கு கணக்காகப் படிக்க வேண்டும். நாம் வாங்காத கடன் ஏதாவது இருக்கிறதா, முடித்த கடன் இன்னும் நடப்பில் இருப்பதாகக் காட்டுகிறதா, பூஜ்யங்களுக்கு நடுவே வேறு எண் ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நண்பர் அந்த பில் விழுந்த சமயத்திலேயே ஒருமுறை பார்த்திருந்தால் 590 ரூபாயோடு போயிருக்கும்.

கடைசியில் அவருக்கு வேறொரு வங்கியில் கடன் கிடைத்தது, கால் சதவீதம் கூடுதல் வட்டியில். 22 லட்சம், 20 வருடம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டரை சதவீத வட்டிக்கு மாதத் தவணை சுமார் 19,090 ரூபாய். எட்டே முக்கால் சதவீதத்துக்குச் சுமார் 19,440. மாதம் 350 ரூபாய் வித்தியாசம். வட்டி மாறாமல் கடைசி வரை போனால் இருபது வருடத்தில் ஏறத்தாழ 84,000 ரூபாய். பார்த்தால் குறையும் என்ற நம்பிக்கைக்கு அவர் கொடுக்கவிருக்கும் விலை இது.

அந்தக் கார்டு பாக்கியை அவர் தீர்த்த விதத்திலும் இன்னொரு பொய் நம்பிக்கையோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. வங்கிக்குப் பேசியதும், வசூல் பிரிவிலிருந்து ஒருவர் அழைத்தார். “3,500 கட்டுங்க சார், செட்டில் பண்ணி முடிச்சிரலாம்” என்றார். பாதிக்குப் பாதி தள்ளுபடி என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால், அப்படிக் கட்டினால் அறிக்கையில் அந்தக் கணக்கின் நிலை ‘க்ளோஸ்டு’ என்று மாறாது, ‘செட்டில்டு’ என்று மாறும். பேச்சுவழக்கில் இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கின்றன. கடன் கொடுப்பவருக்கோ முதலாவது ‘முழுதாகக் கட்டினார்’, இரண்டாவது ‘முழுதாகக் கட்டவில்லை, மீதியை நாம் விட்டுக்கொடுத்தோம்’. கோவிட் காலத்துக்குப் பிறகு தனிநபர் கடனை இப்படிப் பேசி முடித்துவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியாக இருக்கும் பலர், அடுத்த கடன் கேட்கும்போதுதான் விழிக்கிறார்கள். வேறு வழியே இல்லாதவருக்கு செட்டில்மென்ட் ஒரு வடிகால். அதை நான் குறை சொல்ல மாட்டேன். கட்ட முடிகிறவர் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு அந்தப் பக்கம் போகக் கூடாது. நண்பர் முழுத் தொகையையும் கட்டி, நிலுவை இல்லை என்ற சான்றிதழை வாங்கிய பிறகுதான் மறுவேலை பார்த்தார். கார்டை மூடச் சொல்லி இம்முறை எழுத்தில் கொடுத்தார். பாக்கி எதுவும் இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த விதி. கிளையில் வாய்மொழியாகச் சொன்னதை வைத்து அந்த விதியைக் கேட்டு வாங்க முடியாது.

பணம் கட்டிய மறுநாளே ஸ்கோர் ஏறும் என்று எதிர்பார்ப்பதும் வேண்டாம். 2025 ஜனவரி முதல், வங்கிகள் மாதம் இருமுறை, பதினைந்தாம் தேதி நிலவரத்தையும் மாதக் கடைசி நிலவரத்தையும் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று ஆக்கப்பட்டது. அதற்கு முன்பு மாதம் ஒருமுறைதான். அனுப்ப ஏழு நாள் அவகாசமும் தரப்பட்டது. ஆக, சில வாரங்களில் கணக்கின் நிலை மாறும். பழைய மாதங்களின் 30, 60, 90 அப்படியே இருக்கும். அவை நடந்த உண்மை, எவராலும் அழிக்க முடியாது. மாதங்கள் போகப் போக அவற்றின் எடை குறையும், அவ்வளவுதான். நண்பரின் ஸ்கோர் மெல்ல ஏறி 700-ஐத் தாண்டச் சில மாதங்கள் பிடித்தன.

‘சிபில் ஸ்கோரை ஒரே வாரத்தில் ஏற்றித் தருகிறோம்’ என்று மின்கம்பங்களில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். அறிக்கையில் உள்ள விவரத்தை மாற்றும் அதிகாரம், அந்த விவரத்தை அனுப்பிய வங்கியிடம்தான் இருக்கிறது. சிபில் நிறுவனம்கூடத் தானாக மாற்ற முடியாது. புகார் வந்தால் வங்கியிடம் கேட்டு, அது ஒப்புக்கொண்டால் திருத்தும். நோட்டீஸ் ஒட்டியவர் செய்வதெல்லாம், நாமே இலவசமாகப் போடக்கூடிய புகாரைச் சில ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு போட்டுத் தருவதுதான். விவரம் உண்மையாக இருந்தால் அந்தப் புகார் அப்படியே திரும்பி வரும்.

விவரம் பொய்யாக இருந்தால் நிலைமை வேறு. நாம் வாங்காத கடன், கட்டியும் பதிவாகாத தவணை, பெயரொற்றுமையால் ஒட்டிக்கொண்ட அடுத்தவர் கணக்கு ஆகியவை நடக்கக்கூடியவையே. இவற்றுக்கு கடன் தகவல் நிறுவனத்தின் இணையதளத்திலேயே புகார் போடலாம். முப்பது நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். அதில் வங்கிக்கு 21 நாள், மீதி தகவல் நிறுவனத்துக்கு. தாண்டினால், தாமதத்துக்குக் காரணமானவர் நாளொன்றுக்கு 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும். 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்டு, 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாடு பலருக்குத் தெரியாது. அதற்கும் அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பர் முதல் அவருடைய வரம்புக்குள் வந்துவிட்டன. அதே 2023 அக்டோபரில் வந்த இன்னொரு உத்தரவு, ஒரு வங்கி நம் அறிக்கையை எடுத்தால் நமக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வர வேண்டும் என்று சொல்கிறது. நண்பரின் கைபேசியைத் தேடிப் பார்த்தோம். ஐந்து செய்திகளும் விளம்பரச் செய்திகளுக்கு நடுவே படிக்கப்படாமல் கிடந்தன.

மற்ற நம்பிக்கைகளை விரைவாகக் கடந்துவிடலாம். சம்பளம் அதிகமென்றால் ஸ்கோர் அதிகம் என்பது தவறு. சம்பளம், சேமிப்புக் கணக்கின் இருப்பு, வைப்புநிதி, நகை எதற்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. வங்கி அவற்றைத் தனியாகப் பார்க்கும். கடனே வாங்காதவருக்கு நல்ல ஸ்கோர் இருக்கும் என்பதும் தவறு. அவருக்கு ஸ்கோரே இருக்காது. ஆனால், முன்பு கடன் வாங்கியதில்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி முதல்முறை விண்ணப்பிப்பவரை நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. உறவினருக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவது வெறும் சாட்சிக் கையெழுத்து அல்ல. அந்தக் கடன் நம் அறிக்கையிலும் ஏறும், அவர் தவறினால் நம் ஸ்கோரும் சரியும். மச்சானுக்கு மறுக்க முடியாமல் போட்ட கையெழுத்தால் மகளின் கல்விக் கடன் இழுபறியான குடும்பங்கள் உண்டு.

சரி, பார்ப்பதென்றால் எங்கே பார்ப்பது? இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். முதலில் வந்தது சிபில் என்பதால் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நான்கும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை ஸ்கோரோடு இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் இருக்கும் விதி. நான்கையும் ஒரே நாளில் எடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால், வருடம் முழுக்க ஒரு கண் இருந்துகொண்டே இருக்கும். நான்கிலும் ஒரே எண் வராது. ஒவ்வொருவரும் போடும் கணக்கு வேறு. செயலியில் 770 பார்த்தேன், வங்கி 735 என்கிறதே என்று குழம்புகிறவர்கள், செயலி எந்த நிறுவனத்தின் ஸ்கோரைக் காட்டியது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இலவச ஸ்கோர் தரும் செயலிகளில் எச்சரிக்கை தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. அங்கும் ஸ்கோரைப் பார்ப்பதால் இறக்கமில்லை. ஆனால், ஸ்கோருக்குக் கீழேயே ‘உங்களுக்கு 5 லட்சம் தயார்’ என்று ஒரு பொத்தான் மின்னும். இலவசம் எதற்காக என்பது அந்தப் பொத்தானில்தான் இருக்கிறது. அதை அழுத்தி, நிபந்தனைகளுக்குச் சம்மதம் என்று டிக் செய்து, ஓடிபி கொடுத்தால், அது இனி நாம் பார்ப்பது அல்ல. ஒரு நிதி நிறுவனத்துக்கு நாம் கொடுத்த விண்ணப்பமாக அது மாறிவிடலாம். ஸ்கோர் பார்த்தேன், இறங்கிவிட்டது என்று சத்தியம் செய்கிறவர்களில் கணிசமானோர் இந்தப் பொத்தானைத் தொட்டவர்களாக இருப்பார்கள் என்பது என் ஊகம். சந்தேகமிருந்தால் அறிக்கையின் என்கொயரி பட்டியலைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மக்களின் அறியாமையை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. மாதத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாறும் ஒரு அறிக்கையை வருடத்துக்கு ஒருமுறைதான் இலவசமாகப் பார்க்கலாம் என்று வைத்திருப்பது எந்தக் காலத்துக் கணக்கு என்று தெரியவில்லை. நம்மைப் பற்றிய தகவல், நம்மிடமிருந்து திரட்டப்பட்டது, அதை வைத்து நம் வட்டி தீர்மானமாகிறது. அதை அடிக்கடி பார்க்க விரும்புகிறவரைச் சந்தா திட்டங்களின் பக்கமோ, கடன் விற்கும் செயலிகளின் பக்கமோ தள்ளிவிடுவது சரியல்ல. தகவல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் முழு அறிக்கையை இலவசமாகப் பார்க்கும் உரிமை வேண்டும். அதைத் தமிழிலும் படிக்கக் கிடைக்கச் செய்ய வேண்டும். கெடு தாண்டிய நாட்களின் கட்டம் எது, ‘செட்டில்டு’ என்பதன் பொருள் என்ன என்று ஆங்கிலத்தில் தடவிக்கொண்டிருக்கும் கடைக்காரர் ஏஜென்ட் சொல்வதைத்தான் நம்புவார். நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது என்ற ஒரு வரியை ஒவ்வொரு கடன் விண்ணப்பத்தின் முகப்பிலும் பெரிய எழுத்தில் அச்சிடச் சொல்லி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டால், அதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை.